புகைப்படத்தில் இருக்கும் முகம் மதத்தையும் சாதியையும் சொல்லுமா?

கேள்வி: முகத்தைப் பார்த்தே ஒருவர் என்ன மதம், என்ன சாதி, எந்த நாட்டுக்காரர், என்ன வேலை பார்க்கிறார் என்று என்னால் ஓரளவு சொல்லிவிட முடிகிறது. பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது. போட்டோவை வைத்து இப்படி ஊகிப்பது ஏன் நம்பத் தகாதது, ஏன் தீங்கானது என்கிறார்கள்?

பதில்:

"பெரும்பாலும் சரியாக இருக்கிறது" என்பதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? அதிலிருந்து தொடங்கலாம். ஒரு படத்தைப் பார்க்கிறோம், "இவர் இன்னார்" என்று மனம் சொல்கிறது, அடுத்த படத்துக்குப் போய்விடுகிறோம். அந்த ஊகம் சரியா என்று யாரும் வந்து சொல்வதில்லை. எப்போதாவது உண்மை தெரியவந்து அது நம் ஊகத்தோடு பொருந்திப்போனால் அந்த ஒன்று நினைவில் நிற்கிறது. தவறாகப் போனவற்றில் பெரும்பாலானவை தவறு என்று தெரியாமலேயே போய்விடுகின்றன. நமக்கு இருக்கும் நம்பிக்கை, விடைத்தாள் திருத்தப்படாத ஒரு தேர்வின் மதிப்பெண்ணை வைத்து வந்தது.

அடுத்து, எதைப் பார்த்துச் சொன்னோம் என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நெற்றியில் இருக்கும் குறி, தாடியை வெட்டியிருக்கும் விதம், தலையில் இருக்கும் துணி, கழுத்துச் சங்கிலி, பின்னால் தெரியும் பெயர்ப் பலகை, படத்தைப் போட்டவரின் பெயர், இவற்றையெல்லாம் கண் ஒரு நொடியில் சேர்த்து வாசித்துவிடுகிறது. பிறகு, முகத்திலேயே தெரிந்ததாக நமக்குத் தோன்றுகிறது. அதே படத்தைப் புருவத்திலிருந்து தாடை வரை மட்டும் வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கி, பெயரை மறைத்துக் காட்டினால் அந்த உறுதி பெரும்பாலும் கரைந்துவிடும். தொழில் விஷயத்தில் இது இன்னும் வெளிப்படை. வெள்ளைக் கோட்டையும் ஸ்டெதாஸ்கோப்பையும் எடுத்துவிட்டால் மருத்துவர் முகம் என்று ஒன்று மிச்சமிருக்காது. கோட்டு இருந்தாலும்கூட, அதே கோட்டில் ஓர் ஆணை மருத்துவர் என்றும் பெண்ணைச் செவிலியர் என்றும் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே பேசுவது படத்தில் இருப்பவரின் முகம் அல்ல, பார்ப்பவரின் பழக்கம்.

2016இல் இரண்டு சீன ஆய்வாளர்கள், குற்றவாளியா இல்லையா என்பதை முகத்தை வைத்தே கணினி நிரல் கிட்டத்தட்ட 90 சதவீதம் சரியாகச் சொல்கிறது என்று ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 1,856 ஆண்களின் படங்கள், அவற்றில் 730 பேர் குற்றவாளிகள். படங்களைப் பார்த்த மற்ற அறிஞர்கள் சில விஷயங்களைக் கவனித்தார்கள். குற்றவாளிகள் அல்லாதவர்களின் படங்கள் இணையத்தில் எடுக்கப்பட்டவை. அவர்கள் காலர் வைத்த சட்டை போட்டிருந்தார்கள், முகத்தில் லேசான புன்னகை இருந்தது. குற்றவாளிகளின் படங்கள் காவல்துறை வழியாக வந்தவை, அவற்றில் அந்தப் புன்னகை இல்லை. நிரல் கண்டுபிடித்தது குற்றத்தையா, படம் எங்கிருந்து வந்தது என்பதையா? இந்தச் சந்தேகம் எழுந்ததும் 90 சதவீதத்துக்குப் பொருள் இல்லாமல் போகிறது.

சரி, துணியும் குறியும் இல்லாமல் வெறும் முகத்தை மட்டும் வைத்துச் சோதித்ததே இல்லையா என்று கேட்கலாம். சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மார்மன் மதத்தவரையும் மற்றவர்களையும் வெறும் முகப்படத்தில் பிரித்துச் சொல்லச் சொன்ன ஆய்வு 2010இல் வந்தது. நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொல்வதைவிடச் சற்றுக் கூடுதலாகச் சரியாக வந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கொஞ்சமும் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, தோல் ஆரோக்கியமாகத் தெரிகிறதா என்பதே துப்பு என்று தெரிந்தது. அந்த மதத்தில் மதுவும் புகையிலையும் விலக்கப்பட்டவை. அப்படியென்றால் பார்த்தவர்கள் வாசித்தது மதத்தை அல்ல, வாழ்க்கைப் பழக்கம் தோலில் விட்ட தடத்தை. புகைபிடிக்காத வேறு யாருக்கும் அதே தோல் இருக்கலாம்.

இதைவிடப் பழைய ஆய்வு ஒன்று என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 1946இல் ஆல்போர்ட், கிராமர் என்ற இரண்டு உளவியலாளர்கள், யூதர்கள், யூதர் அல்லாதவர்கள் ஆகியோரின் படங்களைக் காட்டிப் பிரிக்கச் சொன்னார்கள். யூதர்கள் மேல் வெறுப்பு அதிகம் உள்ளவர்கள் கொஞ்சம் கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள். வெறுப்பு கண்ணைக் கூர்மையாக்குகிறது போல என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அவர்கள் மொத்தத்திலேயே அதிகமான முகங்களை யூதர் என்று குறித்திருந்தார்கள். நிறையப் பேரைக் குறித்தால், அவர்களில் உண்மையான யூதர்களும் கூடுதலாகத்தான் வருவார்கள். யூதர் அல்லாத எத்தனை பேர் அந்த வலையில் சிக்கினார்கள் என்பதையும் சேர்த்து எண்ணினால்தான் திறமை எவ்வளவு, சந்தேகம் எவ்வளவு என்பது தெரியும். நம் ஊகங்களையும் இப்படித்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். எத்தனை பேரைச் சரியாகப் பிடித்தோம் என்பது பாதிக் கணக்குதான்.

மீதிக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். எண்களை நானே வைக்கிறேன், கணக்குக்காக. ஆயிரம் பேர். அவர்களில் 50 பேர் ஒரு சிறுபான்மைக் குழுவைச் சேர்ந்தவர்கள். உங்கள் ஊகம் இரண்டு பக்கமும் 70 சதவீதம் சரி என்று வைத்துக்கொள்வோம். நான் மேலே சொன்ன மார்மன் ஆய்வில் கிடைத்ததைவிட இது மிகத் தாராளமான எண். அந்த 50 பேரில் 35 பேரைச் சரியாகச் சொல்லிவிடுவீர்கள். மீதி 950 பேரில் 30 சதவீதம், அதாவது 285 பேரைத் தவறாக அந்தக் குழுவில் சேர்த்துவிடுவீர்கள். "இவர் அந்த ஆள்" என்று நீங்கள் சுட்டியவர்கள் மொத்தம் 320 பேர். அதில் சரியானவர்கள் 35. ஒன்பது பேரைச் சுட்டினால் ஒருவர்தான் சரி. 70 சதவீதம் என்று கேட்டபோது ஓரளவு நம்பலாம் போலத் தோன்றியது, இல்லையா? தேடப்படும் குழு சிறியதாக இருக்க இருக்க நிலைமை இன்னும் மோசமாகும். இதற்கு மறுபக்கமும் உண்டு. நூற்றுக்கு 80 பேர் ஒரே மதத்தவராக இருக்கும் இடத்தில், படத்தையே பார்க்காமல் எல்லாரையும் அந்த மதம் என்று சொன்னாலும் 80 சதவீதம் சரியாக வரும். "பெரும்பாலும் சரியாக இருக்கிறது" என்பதன் பெரும்பகுதி பல நேரங்களில் இதுதான்.

அப்புறம், புகைப்படம் முகமே அல்ல என்பதை மறந்துவிடுகிறோம். செல்ஃபி எடுக்கும்போது கேமரா முகத்திலிருந்து ஓர் அடி தூரத்தில்தான் இருக்கிறது. அந்தத் தூரத்தில் மூக்கு, முகத்தின் மற்ற பகுதிகளைவிடக் கேமராவுக்கு அருகில் இருப்பதால் பெரிதாக விழும். 2018இல் வந்த ஒரு கணக்கீட்டின்படி, முகத்தோடு ஒப்பிடும்போது மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் கூடித் தெரியும். ஐந்தடி தள்ளி எடுத்தால் இந்த வேறுபாடு கிட்டத்தட்ட மறைந்துவிடும். தோலின் நிறமோ விளக்கையும் கேமராவின் அமைப்பையும் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். ஆக, மூக்கு, நிறம் என்று எவற்றை வைத்துக் குழு பிரிக்க மனம் துடிக்கிறதோ அவையே படத்தில் எளிதில் திரிபவை.

ஒரே ஆளை ஒரே ஆள் என்று கண்டுகொள்வதுகூட அந்நியர் படங்களில் கடினம். 2011இல் வெளியான ஓர் ஆய்வில் நெதர்லாந்தின் பிரபலங்கள் இருவரை எடுத்துக்கொண்டு ஆளுக்கு 20 வீதம் 40 படங்களைக் கலந்து, அவர்களை அறியாத பிரிட்டன்காரர்களிடம் கொடுத்தார்கள். ஒரே ஆளின் படங்களை ஒரே குவியலாக வையுங்கள் என்றார்கள். சரியான விடை இரண்டு குவியல். அவர்கள் வைத்ததோ, நடுத்தரமாகப் பார்த்தால், ஏழெட்டுக் குவியல். அந்த இருவரை ஏற்கெனவே அறிந்த டச்சுக்காரர்கள் சிரமமில்லாமல் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு படத்துக்கும் இன்னொரு படத்துக்கும் இடையே அதே முகம் இவ்வளவு மாறுகிறதென்றால், ஒற்றைப் படத்தை வைத்து அவருடைய சமூகத்தைச் சொல்ல எதைப் பிடித்துக்கொள்வது?

சாதி விஷயத்தில் இது அனுமானமாக மட்டும் நிற்கவில்லை. அரசாங்கமே கருவியை எடுத்து அளந்து பார்த்திருக்கிறது. ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற பிரிட்டிஷ் அதிகாரி வங்காளத்தில் மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளக்க வைத்து 1891இல் நூலாக வெளியிட்டார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்தவரும் அவரே. அவர் பெரிதும் நம்பியது நாசிக் குறியீடு. மூக்கின் அகலத்தை அதன் நீளத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 70க்குக் கீழே வந்தால் குறுகிய மூக்கு, 85க்கு மேலே போனால் அகன்ற மூக்கு, இரண்டுக்கும் நடுவில் இருப்பது இடைநிலை. மூக்கின் சராசரி அகலம் குறையக் குறையச் சாதியின் சமூகப் படிநிலை உயரும் என்பது அவர் கூற்று. சென்னை அருங்காட்சியகத்தை நிர்வகித்த எட்கர் தர்ஸ்டனும் தென்னிந்தியாவில் இதே வழியில் அளவுகள் எடுத்தார்.

அது எப்படி உடைந்தது என்பதுதான் முக்கியம். சமூகவியலாளர் ஜி.எஸ். குர்யே 1932இல் வெளியிட்ட நூலில் இந்த அளவுகளையே எடுத்து மாகாணம் மாகாணமாகப் பிரித்துப் பார்த்தார். இன்றைய உத்தரப் பிரதேசப் பகுதிக்கு வெளியே சாதிப் படிநிலையும் மூக்கும் சேர்ந்து நடக்கவில்லை. பம்பாய்ப் பகுதியில் தேசஸ்த பிராமணர்கள், இன்னொரு பிராமணப் பிரிவான சித்பாவன்களைவிட, சோன் கோலி என்ற மீனவச் சமூகத்தாரையே அளவில் அதிகம் ஒத்திருந்தார்கள். அம்பேத்கர் 1948இல் தீண்டத்தகாதோர் பற்றி எழுதிய நூலில் இந்த எண்களை எடுத்துக்கொண்டு, இந்த அளவை நம்புவதானால் பிராமணரும் தீண்டத்தகாதோரும் ஒரே இனம் என்றே ஏற்க வேண்டியிருக்கும் என்று வாதிட்டார். அளப்பதற்கு உண்மையான ஆட்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள், உலோகக் கருவி கையில் இருந்தது, அதிகாரமும் இருந்தது. அப்படியும் முகம் சாதியைச் சொல்லவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணம் செய்த குழுக்களுக்கு இடையே மரபணுவில் சராசரி வேறுபாடு இருக்கத்தானே செய்யும்? இருக்கும். ஆனால் சராசரி என்பது கூட்டத்தைப் பற்றிய செய்தி. இரண்டு குழுக்களின் சராசரி நாசிக் குறியீட்டில் 3 புள்ளி வித்தியாசம் இருப்பதாகவும், ஒவ்வொரு குழுவுக்குள்ளும் ஆளுக்கு ஆள் வழக்கமாக 7 புள்ளி அளவுக்கு ஏற்ற இறக்கம் இருப்பதாகவும் வைத்துக்கொண்டால், குழுவுக்கு ஒருவராக எடுத்து ஒப்பிடும் நூறு இணைகளில் 62இல்தான் எதிர்பார்த்தவருக்கு அகன்ற மூக்கு இருக்கும். மீதி 38 இணைகளில் தலைகீழாக இருக்கும். ஒரு தனி ஆளின் படம் கையில் இருக்கும்போது அவர் எந்தப் பக்கம் என்று சராசரி சொல்லாது.

மதமும் நாடும் தொழிலும் சாதியைவிடவும் முகத்திலிருந்து விலகியவை. மதம் மாறுகிறவரின் மூக்கு மாறுவதில்லை. குடியுரிமை ஒரு சட்ட ஏற்பாடு. பாஸ்போர்ட் மாறிய நாளில் முகம் அப்படியேதான் இருக்கும். எல்லைக்கோடு பிரித்த இரண்டு கிராமங்களின் முகங்களைப் பார்த்து எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்ல யாராலும் முடியாது.

இனி, தீங்கு. மேலே கணக்கில் வந்த 285 பேர் காகிதத்தில் வெறும் எண். 2019 ஏப்ரலில் இலங்கையில் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, தேடப்படுவோர் என்று காவல்துறை வெளியிட்ட படங்களில் ஒன்றில் இருந்தது அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி. முக்காடு அணிந்த இளம் பெண்ணின் படம், கீழே வேறொரு பெண்ணின் பெயர். தவறு என்று காவல்துறை ஒப்புக்கொண்டது. அதற்குள் அவருக்குக் கொலை மிரட்டல்கள் வரத் தொடங்கியிருந்தன. அவர் அந்தச் சமயம் இலங்கையிலேயே இல்லை.

2001 செப்டம்பர் 15 அன்று, நியூயார்க் தாக்குதல் நடந்து நான்கு நாள் கழித்து, அரிசோனா மாநிலம் மெசா நகரில் பல்பீர் சிங் சோதி தன் பெட்ரோல் நிலையத்துக்கு வெளியே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் சீக்கியர். தலைப்பாகையையும் தாடியையும் பார்த்து ஒருவன் அவரை அரபு முஸ்லிம் என்று முடிவு கட்டியிருந்தான். 2017 பிப்ரவரியில் கன்சாஸ் மாநிலம் ஓலேத்தில் ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லா என்ற இந்தியப் பொறியாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் பிறகு ஓர் உணவு விடுதியில், தான் ஈரானியர்களைச் சுட்டதாகச் சொன்னான். இந்த இரண்டும் படத்தைப் பார்த்து நடந்தவை அல்ல, நேரில் நடந்தவை. எதிரே நிற்கும் ஆளையே இப்படித் தவறாக வாசிக்க முடிகிறது என்பதற்காகச் சொல்கிறேன். இவற்றைப் பற்றிப் பேசும்போது "பாவம், அவர் முஸ்லிமே இல்லை", "அவர் ஈரானியரே இல்லை" என்று வாய் சொல்லிவிடுகிறது. அந்த வார்த்தையைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஊகம் சரியாக இருந்திருந்தால் மட்டும் அந்தக் கொலை நியாயமாகிவிடுமா? நம்பகமின்மை, தீங்கு இரண்டும் வேறு வேறு என்று நான் சொல்வது இதனால்தான். ஊகத்தின் துல்லியம் கூடினாலும் தீங்கு குறையாது. சில இடங்களில் கூடும்.

வாடகைக்கு வீடு கேட்டு வருபவரின் சுயவிவரப் படம், வேலை விண்ணப்பத்தோடு ஒட்டிய படம், இவற்றைப் பார்த்து ஒருவர் மனசுக்குள் சாதியோ மதமோ குறித்துக்கொள்கிறார் என்று வையுங்கள். வீடு ஏற்கெனவே போய்விட்டது என்று பதில் வருகிறது. உண்மைக் காரணத்தை அவர் யாரிடமும் சொல்லப்போவதில்லை. தவறான ஊகமென்றால் தவறு என்று நிரூபிக்கக்கூட மறுக்கப்பட்டவருக்கு வாய்ப்பில்லை. சரியான ஊகமென்றால், அவர் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை வேறொருவர் அவர் அனுமதியின்றி எடுத்து அவருக்கு எதிராகப் பயன்படுத்தியிருக்கிறார். தன் சாதியைச் சொல்லாமல் இருப்பவர்களில் பலர், சொன்னால் என்ன நடக்கும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். அப்படிப்பட்ட ஒருவரின் படத்தின் கீழே, பலர் முன்னிலையில், "இவர் இன்ன ஆளுதானே" என்று எழுதுவது விளையாட்டாகத் தொடங்கினாலும் அவருக்கு விளையாட்டாக முடிவதில்லை. "உங்களைப் பார்த்தால் அந்தச் சாதி மாதிரியே தெரியவில்லையே" என்று பாராட்டாகச் சொல்வதும் இதே ரகம்தான். அந்தச் சாதிக்கு ஒரு முகம் உண்டு, அது மட்டமானது என்ற எண்ணம் அந்தப் பாராட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே எழுதிவிட்டது. முகம் முதலான உடல் அடையாளங்களிலிருந்து ஒரு தனி ஆளின் இனம், மத நம்பிக்கை, அரசியல் கருத்து போன்றவற்றை ஊகித்து வகைப்படுத்தும் மென்பொருள் 2025 பிப்ரவரி 2 முதல் அங்கே தடை. காவல்துறைப் பயன்பாடு தொடர்பாகச் சில விலக்குகள் உண்டு. மனிதர் மனசுக்குள் செய்யும் ஊகத்தை எந்தச் சட்டமும் தடுக்காது. அதை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் ஒரு படத்தைப் பற்றி எதையுமே சொல்லக் கூடாதா? சொல்லலாம். கண்ணுக்குத் தெரிவதைத் தெரிகிற அளவிலேயே சொல்லுங்கள். "தலைப்பாகை அணிந்த, நடுத்தர வயது ஆண்" என்பது விவரிப்பு. "சீக்கியர்" என்பது ஊகம். தலைப்பாகை கட்டும் சமூகங்கள் பல, விழாவுக்காகவோ வெயிலுக்காகவோ கட்டுபவர்களும் உண்டு. "வெள்ளைக் கோட்டு போட்ட பெண்" என்பது விவரிப்பு. அவர் மருத்துவராகவோ ஆய்வகப் பணியாளராகவோ மருந்தாளுநராகவோ நடிகையாகவோ இருக்கலாம். படத்தோடு நம்பத் தகுந்த குறிப்பு இருந்தால், அவரே தன்னைப் பற்றிச் சொல்லியிருந்தால், அதை எடுத்துக்கொள்ளலாம். அப்போது நாம் நம்புவது அந்தக் குறிப்பைத்தான். குறிப்பு இல்லாமல் ஒரு படத்தை அனுப்பி "இவர் என்ன ஆளுன்னு சொல்லுங்க" என்று யாராவது கேட்டால், முதலில் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று கேளுங்கள். வீடு கொடுக்கவா, வேலை கொடுக்கவா, பெண் கொடுக்கவா, அல்லது வம்புக்காகவா என்பது அந்தப் பதிலில் வெளிப்பட்டுவிடும். அதற்கு மேல் அவருக்கு அது உண்மையாகவே தெரிய வேண்டியதாக இருந்தால், அந்தப் படத்தில் இருப்பவரிடமே கேட்கலாம். சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம்.